உலக விலை அசையலை, செஞ்சியில் தங்கம் சரிந்தது எப்படி?

செஞ்சி நகைக்கடை போர்டிலும் சென்னை ரேட்தான். அது எப்படி வருது? 2024 ஜூலை 23-ஐப் பார்ப்போம்.

அன்று உலகச் சந்தையில் ஒரு அவுன்ஸ், அதாவது 31.1 கிராம் சுத்தத் தங்கம், சுமார் 2,400 டாலர். டாலர் மதிப்பு சுமார் 83.70 ரூபாய். இதை 22 கேரட்டுக்கு மாற்றினால் 8 கிராம் சவரன் ஏறக்குறைய 47,300 ரூபாய்தான் வரும். ஆனா காலையில் சென்னை விலை 54,480. நடுவில் இருந்தது 15% இறக்குமதி வரி.

அன்றைய பட்ஜெட்டில் வரி 6% ஆனது. கணக்குப்படி சவரனுக்கு 4,200 ரூபாய்க்கு மேல் குறையணும். அன்று குறைந்தது 2,080 மட்டுமே. பழைய வரி கட்டிய சரக்கு கடைகளில் இருக்கும்போது முழுக் குறைப்பும் ஒரே நாளில் வராது.

ரூபாயும் இப்படித்தான். அதே விலையில் டாலர் ஒரு ரூபாய் ஏறினாலே சவரனுக்கு சுமார் 600 ரூபாய் கூடும். பில்லில் செய்கூலி, 3% ஜிஎஸ்டி தனி.