ஹேக்கத்தான் கணக்கு: பரிசு கடைசியில், பந்தி முதலில்

கல்லூரி ஹேக்கத்தான் போஸ்டரில் பெரிய எழுத்தில் நிற்பது பரிசுத்தொகைதான். பட்ஜெட் போடும் மாணவர்கள் அதைத்தான் கடைசியாக எழுத வேண்டும்.

சனி காலை தொடங்கி ஞாயிறு காலை முடியும் 24 மணி நேரப் போட்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். நான்கு பேர் கொண்ட 40 அணிகள், 160 மாணவர்கள். தன்னார்வலர்கள், வழிகாட்டிகள், நடுவர்களைச் சேர்த்தால் 200 பேர். மதியச் சாப்பாடு, மாலைச் சிற்றுண்டி, இரவு உணவு, நள்ளிரவுத் தேநீர், காலை டிபன் எல்லாம் சேர்த்து ஆளுக்கு 300 ரூபாய் என்றால் சாப்பாட்டுக்கே 60,000. பதிவு செய்த எல்லோரும் வருவதில்லை. அதனால் முதல் நாள் மாலை அணித்தலைவர்களுக்குப் போன் செய்து உறுதி கேட்டபிறகே சமையல்காரரிடம் இலைக்கணக்கைச் சொல்ல வேண்டும்.

கல்லூரி அரங்குக்கு வாடகை இல்லாவிட்டாலும் செலவு உண்டு. 160 லேப்டாப்புகள், ஒவ்வொன்றும் 65 வாட் இழுத்தால், ஏறக்குறைய 10 கிலோவாட். சுவரிலுள்ள 6 ஆம்பியர் பிளக் ஒன்று தாங்குவது 1,380 வாட்தான். ஒரே பிளக்கில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்களை ஒன்றோடொன்று கோத்துக்கொண்டே போனால் வயர் சூடாகும், ஃப்யூஸ் போகும். அதனால் கல்லூரி எலக்ட்ரீஷியனை வைத்துத் தனி லைன் இழுக்க வேண்டும். அதற்கும் ஜெனரேட்டர் டீசலுக்கும் இரவுக் காவலுக்கும் 15,000. டி-ஷர்ட், சான்றிதழுக்கு 30,000. பரிசுகள் 50,000. எதிர்பாராத செலவுக்கு 15,000. மொத்தம் 1,70,000.

வரவு: முதன்மை ஸ்பான்சர் 60,000, கோல்டு இருவர் தலா 25,000, சில்வர் மூவர் தலா 10,000, மாணவர் பதிவுக்கட்டணம் 200 வீதம் 32,000. மொத்தம் 1,72,000. முதன்மை ஸ்பான்சருக்குப் போட்டியின் பெயரோடு தன் பெயரும், தொடக்கவிழாவில் பேச்சும் கிடைக்கும். கோல்டுக்கு அரங்கில் ஸ்டால். சில்வருக்கு பேனரில் லோகோ மட்டும்.

காகிதத்தில் கணக்குச் சரிதான். ஆனால் பெரிய நிறுவனங்கள் கல்லூரியின் பெயரில் பில் வாங்கி, போட்டி முடிந்து பல வாரம் கழித்தே பணம் அனுப்புவதுண்டு. முதன்மை ஸ்பான்சர் தாமதித்தால் கையில் இருப்பது 1,12,000. சாப்பாடு, மின்சாரம், டி-ஷர்ட்டுக்கு 1,05,000 போக மிஞ்சுவது 7,000. மேடையில் காசோலை அட்டை கொடுத்துவிட்டு, வென்ற அணியை மாதக்கணக்கில் அலையவிடும் நிலை இப்படித்தான் வருகிறது.

கிளவுட் கிரெடிட், இலவச சாஃப்ட்வேர் லைசென்ஸ் என்று வருபவற்றையும் தனிப் பட்டியலில் எழுதுங்கள். அவை மாணவர்களுக்குப் பயன்படும், ஆனால் சமையல்காரருக்குக் கொடுக்க உதவாது.

சாப்பாட்டையும் மின்சாரத்தையும் பதிவுக்கட்டணமும் கைக்கு வந்துசேர்ந்த ஸ்பான்சர் பணமும் தாங்கட்டும். அதற்குமேல் வங்கிக்கணக்கில் எவ்வளவு இருக்கிறதோ, அதையே பரிசாக அறிவியுங்கள். தொகை சிறியதாக இருந்தாலும் அன்றே கொடுத்துவிடுங்கள்.