பாலம் நீளும், சுருங்கும்: இடைவெளியை எப்படிக் கணிப்பது?

பூநகரியிலிருந்து யாழ்ப்பாணம் போகும்போது சங்குப்பிட்டிப் பாலத்தைக் கடந்திருப்பீர்கள். 288 மீற்றர் நீளமான அந்தப் பாலம் 2011 ஜனவரியில் திறக்கப்பட்டது. அதற்கு முன் பூநகரியில் இருந்து யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குத் தரைவழியாக வருவதென்றால் பரந்தன், ஆனையிறவு என்று சுற்றித்தான் வரவேண்டும். நீண்ட பாலங்களைக் கடக்கும்போது சக்கரத்தின் கீழ் ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்கும். பாலத்தின் தளம் வெப்பத்தால் நீளவும் குளிரில் சுருங்கவும் விட்ட இடைவெளியில் சக்கரம் ஏறும் சத்தம் அது. கட்டுமான வேலையில் இருந்த காலத்தில் நான் அதிகம் சண்டை பிடித்தது இந்த இடைவெளிக்காகத்தான்.

கொங்கிறீற்றும் உருக்கும் ஏறக்குறைய ஒரே அளவில் விரிபவை. ஒரு மீற்றர் நீளம் ஒரு பாகை சூடேறினால் சுமார் 0.012 மில்லிமீற்றர் நீளும். மயிரிழையிலும் குறைவுதான். ஆனால் 100 மீற்றர் நீளத்துக்கு, பாகைக்கு 1.2 மில்லிமீற்றர் ஆகிவிடும். இந்த எண்ணை மனதில் வைத்துக்கொண்டால் மிச்சக் கணக்கு இலகு.

ஒரு முனை அசையாமல் பொருத்தப்பட்ட, 100 மீற்றர் நீளமான கொங்கிறீற் தளம் ஒன்றை எடுப்போம். எங்கள் பக்கத்து வெயிலுக்குத் தளத்தின் சராசரி வெப்பநிலை 20 பாகையிலிருந்து 45 பாகை வரை போகும் என்று வைப்போம். இது காற்றின் வெப்பநிலை அல்ல. வெயில் குடித்த கொங்கிறீற் காற்றை விடச் சூடாக இருக்கும், மெதுவாகத்தான் ஆறும். பொருத்தும் நேரத்தில் தளம் 30 பாகையில் இருக்கிறது. அது 45க்கு ஏறும்போது 18 மில்லிமீற்றர் நீளும். அப்போதும் இரு பக்கமும் முட்டாமல் இருக்க, ஒரு 12 மில்லிமீற்றராவது மிஞ்சவேண்டும். ஆகவே 30 மில்லிமீற்றர் இடைவெளி விடுகிறோம். மறுபக்கம், 20 பாகைக்கு இறங்கினால் 12 மில்லிமீற்றர் திறக்கும். புதிய கொங்கிறீற் காய்ந்து சுருங்குவதால் காலப்போக்கில் இன்னும் ஒரு 15 வரும் என்று கொள்வோம். மொத்தம் 57 மில்லிமீற்றர். 80 மில்லிமீற்றர் வரை தாங்கும் இறப்பர்ப் பட்டை போதும். இடைவெளி அதற்கும் மேல் அகலும் என்றால் ஒற்றைப் பட்டை சரிவராது, வேறு வகை இணைப்புத் தேவை.

இங்கேதான் பிழை நடக்கிறது. வரைபடத்தில் 30 என்று எழுதியிருந்தால், எந்த நேரத்திலும் 30 என்று வைத்துவிடுவார்கள். விடியற்காலையில் தளம் 25 பாகையில் இருந்தால் 36 மில்லிமீற்றர் வைக்கவேண்டும். பின்னேரம் 40 பாகையில் இருந்தால் 18 போதும். விடியலில் 30 வைத்தால், உச்ச வெயிலில் மிஞ்சுவது வெறும் 6 மில்லிமீற்றர். ஒரு சிறு கல் போதும், அடைத்துவிடும். தளத்தில் சிறு துளை போட்டு வெப்பமானியை உள்ளே வைத்துப் பார்த்துத்தான் அளவைத் தீர்மானிக்கவேண்டும். ஒரு வேலைத்தளத்தில் அந்த வெப்பமானி வாங்கவே எங்களுக்கு இரண்டு மாதம் போனது.

இன்னொரு பாலத்தில் கணக்கெல்லாம் சரி. ஆனால் ஊற்றும்போது அச்சுப் பலகையைத் தாண்டி வழிந்த கொங்கிறீற், இடைவெளியின் அடியில் இறுகிக் கிடந்தது. மேலே இறப்பர் மூடியிருந்ததால் ஒருவருக்கும் தெரியவில்லை. முதலாவது வெயில் காலத்திலேயே பாலத்தின் முனைச் சுவர் வெடித்தது. சுவர் வெடித்ததில் ஆச்சரியமில்லை. 20 பாகை சூடேறும் கொங்கிறீற்றை முழுமையாகத் தடுத்தால், குறுக்குவெட்டின் ஒரு சதுர மீற்றருக்கு 700 தொன்னுக்கு மேல் தள்ளும். உண்மையில் சுவர் கொஞ்சம் இணங்குவதால் அவ்வளவு வராது. அதில் ஒரு பங்கே சுவரைப் பிளக்கப் போதும்.

இப்படி அடைபட்டிருக்கிறதா என்று பார்க்கப் பெரிய கருவி வேண்டாம். ஓர் உருக்கு அடிமட்டத்துடன் காலை ஆறு மணிக்கு இடைவெளியின் அகலத்தை அளந்து, பின்னேரம் நான்கு மணிக்குத் திரும்ப அதே இடத்தில் அளக்கவேண்டும். தளம் இடையில் 5 பாகை சூடேறியிருந்தால், எங்கள் 100 மீற்றர் தளத்தில் 6 மில்லிமீற்றர் குறைந்திருக்கவேண்டும். மாற்றமே இல்லையென்றால், இடைவெளிக்குள் ஏதோ அடைத்திருக்கிறது, அல்லது தளத்தைத் தாங்கும் தாங்கிகள் துருவேறி இறுகிவிட்டன. கடல்நீரேரிக் காற்றில் இரண்டாவதும் அரிதல்ல. கிழிந்த இறப்பரால் மழைநீர் ஒழுகுவதும் அதே தாங்கிகளின் மேல்தான்.

வீதிக்குப் புதிதாகத் தார் போடும்போதும் இடைவெளியின் மேலாகவே தொடர்ந்து ஊற்றிவிட்டுப் போவதைக் கண்டிருக்கிறேன். ‘டக்’ சத்தம் நின்றதில் ஓட்டுநர்களுக்கு மகிழ்ச்சிதான். சில மாதத்தில் அந்தக் கோட்டின் மேலேயே தார் வெடிக்கும், வெடிப்பில் மண்ணும் கல்லும் இறங்கும். பிறகு அதைக் கொத்தித் திறந்து சுத்தம் செய்து புதுப் பட்டை போட, ஒரு பக்கப் பாதையை நாட்கணக்கில் மூடவேண்டும்.