நான்காம் நாள் மூச்சுத் திணறல்

சுங்கை சிப்புட் பக்கம் பழைய தோட்டமொன்றில் முப்பது வருடம் பால் வெட்டிய ஓர் அம்மாவை நினைத்துக்கொள்வோம். வயது 66. மரங்களைச் சாய்த்துச் செம்பனை நட்ட பிறகு, மகனோடு ஈப்போ அடுக்குமாடி வீட்டில் இருக்கிறார். பத்து வருடமாக இனிப்புநீர். ஒருநாள் மாலை மேல்வயிறு கனத்தது, வாந்தி வந்தது, வியர்த்துக் கொட்டியது. காற்றுப் பிடித்திருக்கும் என்று ஓமத் தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்தார். மறுநாள் காலை மருத்துவமனைக்குப் போனபோது 14 மணி நேரம் கடந்திருந்தது. இ.சி.ஜி. தாளில் II, III, aVF என்ற மூன்று கோடுகளும் உயர்ந்து நின்றன. இதயத்தின் அடிப்பகுதியில் மாரடைப்பு.

இவர் நான் கற்பனையில் உருவாக்கிய நோயாளி. ஆனால் இனி அவருக்கு நடப்பதெல்லாம் இதய மருத்துவர்கள் நன்கு அறிந்த வரிசையிலேயே நடக்கும்.

மூன்று நாளில் வலி போய்விட்டது. அம்மா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து மைலோ குடித்தார், பேரப்பிள்ளைகளைக் கேட்டார். வீட்டுக்கு எப்போது அனுப்புவார்கள் என்று மகன் விசாரித்தார். நான்காம் நாள் விடியற்காலை அம்மா திடுக்கென்று எழுந்து உட்கார்ந்து கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "மிஸ்ஸி, அம்மாவால படுக்கவே முடியல" என்று மகன் ஓடினார். ரத்த அழுத்தம் 85/60, நாடித்துடிப்பு 125. வாயில் நுரை. நெஞ்சில் எங்கே குழாய் வைத்தாலும் நீர் கொதிப்பது போன்ற ஒலி.

இந்த நிலைக்கு என்ன காரணம் என்று தெரிய இதயத்தின் உள்ளே பார்க்க வேண்டும். இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் மிட்ரல் வால்வு இருக்கிறது. அதன் இரண்டு இதழ்களையும் மெல்லிய நாண்கள் கீழே இழுத்துப் பிடித்திருக்கின்றன. அந்த நாண்கள், கீழறைச் சுவரிலிருந்து விரல் நுனி போல எழும் இரண்டு தசைகளில் கட்டப்பட்டிருக்கின்றன. பாப்பிலரி தசைகள் என்பது இவற்றின் பெயர். கீழறை சுருங்கி ரத்தத்தைத் தள்ளும்போது இதழ்கள் மேலே புரண்டுவிடாமல் காப்பது இவற்றின் வேலை. தசை அறுந்தால், கம்பி முறிந்த குடை காற்றில் மறுபக்கம் புரள்வது போல இதழ் மேலறைக்குள் புரண்டுவிடும். உடலுக்குப் போக வேண்டிய ரத்தத்தில் பெரும்பகுதி பின்னோக்கிப் பாய்ந்து நுரையீரலை நிறைக்கும்.

இரண்டு தசைகளில் பெரும்பாலும் அறுவது பின்பக்கத் தசைதான். முன்பக்கத் தசைக்கு இரண்டு ரத்தக் குழாய்கள் நீர் பாய்ச்சுகின்றன, ஒன்று அடைத்தாலும் மற்றொன்று காப்பாற்றும். பின்பக்கத் தசைக்குப் பலரிடம் ஒரே குழாய்தான். இதயத்தின் அடிப்பகுதியில் வரும் மாரடைப்பில் அடைபடுவது பெரும்பாலும் அதே குழாய். இதயத்தின் பெரும்பகுதியை அழித்த பெரிய மாரடைப்புக்குப் பிறகுதான் இதெல்லாம் வரும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் சிறிய அடைப்பே இந்தத் தசையைக் கொல்லப் போதும். மிச்சமுள்ள இதயம் பலமாக அடிப்பதால், செத்த தசையின் மேல் இழுப்பும் பலமாகவே விழும்.

அறுவதற்கு நாள் கணக்கும் இருக்கிறது. செத்த தசையை ரத்த வெள்ளணுக்கள் கரைத்து அப்புறப்படுத்துகின்றன. அந்த இடத்தைக் கெட்டியாக்கும் தழும்பு நார் விளைய வாரக்கணக்கில் ஆகும். கரைந்தது போய், நார் இன்னும் வராத அந்த இடைவெளியில்தான் தசை மிக மென்மையாக இருக்கும். மாரடைப்புக்குப் பின் 2-ஆம் நாளிலிருந்து 7-ஆம் நாள்வரை என்பது பொதுவான கணக்கு. ஆபத்து தீர்ந்தது என்று குடும்பம் மூச்சு விடும் நாட்களும் இவையே.

வால்வு இவ்வளவு மோசமாக உடைந்தால் ஸ்டெதஸ்கோப்பில் பெரிய இரைச்சல் கேட்க வேண்டாமா? மருத்துவரும் ஏமாறும் இடம் இது. நெருக்கிப் பிடித்த குழாயில் நீர் சீறும், அகன்ற வாய்க்காலில் ஓசையில்லாமல் ஓடும். தசை முழுதாக அறுந்தால் திறப்பு அகலமாகிவிடும். மேலறையோ சிறியது, விரிந்துகொடுத்துப் பழகாதது. உள்ளே பாயும் ரத்தத்தால் அதன் அழுத்தம் சட்டென்று ஏறிக் கீழறையின் அழுத்தத்தை நெருங்கிவிடும். அழுத்த வேறுபாடு இல்லாத இடத்தில் இரைச்சலும் இல்லை. அந்த அம்மாவின் நெஞ்சில் கேட்டது சன்னமான, குறுகிய முணுமுணுப்பு மட்டும். நுரையீரல் ஒலியில் அதுவும் அமுங்கிப்போனது.

இதே நாட்களில் இரண்டு கீழறைகளுக்கும் நடுவிலுள்ள சுவர் கிழிவதும் உண்டு. அப்போது நெஞ்செலும்பின் இடது ஓரத்தில் கரடுமுரடான, உரத்த இரைச்சல் கேட்கும். உள்ளங்கையை வைத்தால் அதிர்வு தட்டும். அவர்களில் சிலரால் மட்டமாகப் படுக்கவும் முடியும். இதயத்தின் வெளிச்சுவர் கிழிந்தால் ரத்தம் உறைக்குள் தேங்கி இதயத்தை நெரிக்கும். கழுத்து நரம்பு புடைக்கும், அழுத்தம் விழும், பலர் நிமிடங்களில் சாய்ந்துவிடுவார்கள். மூன்றில் தசை அறுந்தவரைத்தான் நுரையீரல் நோயாளி என்று தவறாக எடுத்துக்கொள்ள வாய்ப்பு அதிகம்.

எக்ஸ்ரேயும் சில நேரம் ஏமாற்றும். பின்னோக்கிப் பாயும் ரத்தம் வலது மேல்பக்க நுரையீரலை நோக்கிப் பீறிட்டால், நீர்க்கோப்பு அங்கே மட்டும் வெள்ளையாகத் தெரியும். நிமோனியா என்று எழுதி ஆன்டிபயாட்டிக் ஏற்றிவிடலாம். அதற்குள் நேரம் போய்விடும்.

படுக்கை அருகிலேயே செய்யும் எக்கோ ஸ்கேன்தான் உண்மையைக் காட்டும். அம்மாவின் எக்கோவில் முதலில் கண்ணில் பட்டது கீழறையின் வேகம். அது நன்றாகவே சுருங்கிக்கொண்டிருந்தது. இதயம் இவ்வளவு நன்றாக அடிக்க, ரத்த அழுத்தம் ஏன் 85? இந்த முரண்பாட்டைப் பார்த்ததும் வால்வைச் சந்தேகிக்க வேண்டும். அடுத்து, அறுந்த தசையின் முனை நாணோடு சேர்ந்து ஒவ்வொரு துடிப்பிலும் மேலறைக்குள் துள்ளி விழுவது தெரிந்தது. படம் தெளியாவிட்டால் உணவுக்குழாய் வழியாக எக்கோ எடுப்பார்கள்.

மருந்து இங்கே அவகாசம் மட்டுமே வாங்கித் தரும். கீழறைக்கு இப்போது இரண்டு வாசல். முன்வாசலில் தடையைக் குறைத்தால் கூடுதல் ரத்தம் முன்னே போகும். அதனால் அழுத்தம் தாங்கும் அளவுக்கு ரத்தக் குழாய்களைத் தளர்த்தும் மருந்து தருவார்கள். தொடை வழியாகப் பெருநாடிக்குள் பலூன் பம்ப் ஒன்றையும் செலுத்துவார்கள். இதயம் சுருங்கும் நொடியில் பலூன் சுருங்கி வழிவிடும். குணமாக்குவது அறுவை சிகிச்சை, பெரும்பாலும் வால்வையே மாற்றுவது. அறுவை இல்லாமல் விட்டால் ஏறக்குறைய பாதிப்பேர் முதல் நாளே இறந்துவிடுகிறார்கள். அறுவையிலும் ஐந்தில் ஒருவரை, சில நேரம் அதற்கும் மேல், இழக்கிறோம். பாஸ்டன் நகரின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் ஜெரால்ட் ஆஸ்டின் குழுவினர் இப்படிப்பட்ட ஒருவருக்கு வால்வை மாற்றிக் காப்பாற்றியதை 1965-இல் வெளியிட்டார்கள். அதுவரை இந்த நோய் பெரும்பாலும் சவப்பரிசோதனையில்தான் தெரியவந்தது.

நாட்டின் தேசிய இதயக் கழகம் 1992-இல் கோலாலம்பூரில் திறக்கப்பட்டது. ஈப்போவிலிருந்து அங்கே நெடுஞ்சாலையில் சுமார் 200 கிலோமீட்டர். நோயாளியை அங்கேயோ வேறு இடத்துக்கோ அனுப்ப வேண்டியிருந்தால், எக்கோ கருவியை நெஞ்சிலிருந்து எடுப்பதற்கு முன்பே அறுவை மருத்துவருக்குத் தொலைபேசி போக வேண்டும். காலையில் பார்க்கலாம் என்று விடும் நோய் இதில்லை.

அடைப்பை உடனே திறக்கும் காலம் வந்த பிறகு இந்தக் கோளாறு நூறு மாரடைப்பில் ஒன்றுக்கும் குறைவாகிவிட்டது. ஆனால் தாமதமாக வருபவர்களிடம் ஆபத்து அதிகம். இனிப்புநீர்க்காரர்களுக்கு நெஞ்சுவலி தெரியாமலே மாரடைப்பு வருவதுண்டு. மலேசியாவின் மாரடைப்புப் பதிவேட்டில் இந்தியர்களின் விகிதம் மக்கள்தொகையில் நம் பங்கைவிட இரண்டு மடங்குக்கும் மேல். மேல்வயிற்று வலியை ஓமத் தண்ணீரில் ஆற்றும் அந்தப் பதினான்கு மணி நேரம் நம் வீடுகளுக்குப் புதிதல்ல.

மாரடைப்புக்குப் பிறகு சிலரை நான்காம் ஐந்தாம் நாளிலேயே வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். அந்த முதல் வாரத்தில், நேற்று மட்டமாகப் படுத்துத் தூங்கியவர் இன்று படுக்க முடியாமல் எழுந்து உட்கார்ந்தால், கிளினிக்குக்குக் காத்திருக்காதீர்கள். 999-ஐ அழையுங்கள். வருபவரிடம் இரண்டைச் சொல்லுங்கள்: எந்தத் தேதியில் மாரடைப்பு வந்தது, எத்தனை மணிக்கு மூச்சு மாறியது. மருத்துவமனை கொடுத்த தாளையும் கையோடு எடுத்துப் போங்கள்.