வார்டனுக்கு ஒரு மெயில்

நாளைக்கு இன்டர்னல் தேர்வு. பக்கத்து அறையில் ராத்திரி ஒரு மணிக்கும் ஸ்பீக்கர் அலறுகிறது. அந்தக் கோபத்தோடு எழுதினால், மெயில் பக்கத்து அறைக்காரர் மீதான புகாராகிவிடும். வார்டன் அவரைக் கூப்பிட்டுக் கண்டிப்பார். உங்கள் அறை மாறாது. வேண்டியது அறை மாற்றம் என்றால் தலைப்பிலேயே சொல்லிவிடுங்கள்: 'அறை மாற்றக் கோரிக்கை – பி பிளாக், 214'.

உள்ளே பெயர், துறை, ஆண்டு, பதிவு எண். பிறகு விஷயம்:

'மதிப்பிற்குரிய ஐயா, இரண்டு வாரமாகப் பக்கத்து அறையில் இரவு 11 மணிக்கு மேல் பாட்டுச் சத்தம் கேட்கிறது. கடைசியாக 3, 5, 6 தேதிகளில். நேரில் சொல்லியும் குறையவில்லை. 18-ம் தேதி செமஸ்டர் தேர்வு தொடங்குகிறது. 309-ல் ஒரு கட்டில் காலியாக உள்ளது. அங்கே மாற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.'

'தினமும் தொல்லை' என்பதைவிடத் தேதிகள் பேசும். வார்டன் இரவுக் காவலரிடம் விசாரிக்கலாம். காலி இடத்தைக் காட்டுவதோ அவருடைய பாதி வேலையைக் குறைக்கிறது. ஆனால் 309-ல் இருப்பவரிடம் முன்பே ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

அனுப்பிய மறுநாள் வார்டனை நேரில் பாருங்கள். கையெழுத்திட்ட கடிதமும் கேட்கக்கூடும்; ஒரு பிரதியைக் கையோடு கொண்டுபோங்கள்.