ஐந்தாம் ஆண்டுக் கடிதம்

பத்துப் பேருக்கு மேல் வேலை பார்க்கும் ஓர் அச்சகம். பைண்டிங் பிரிவில் இருப்பவருக்கு ஐந்து ஆண்டு நிறைகிறது. முதலாளி தரும் கடிதத்தில் “உழைப்புக்கு நன்றி” மட்டும் இருந்தால் அது யாருக்கும் பொருந்தும். “கோயில் மலரில் பாரம் மாறி அடுக்கியிருந்ததைத் தையலுக்கு முன்பே நீங்கதாண்ணே பார்த்தீங்க” என்று எழுதினால் அது அவருக்கே உரியது.

கூடவே பணிக்கொடையையும் சொல்லிவிட வேண்டும். ஐந்து ஆண்டு முடித்த நிரந்தரத் தொழிலாளி வேலையை விட்டு விலகும்போது அது அவருடைய சட்டப்படியான உரிமை. அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து மாதம் 18,200 ரூபாய் என்றால், 26ஆல் வகுத்து 15ஆல் பெருக்க வேண்டும். ஆண்டுக்கு 10,500, ஐந்து ஆண்டுக்கு 52,500 ரூபாய். முதலாளிகளே, இந்தத் தொகையைக் கடிதத்திலேயே எழுதிக் கொடுங்கள்.