மலைவீட்டுக்கு எந்த ஃபால்ஸ் சீலிங்?

திருவண்ணாமலை மாவட்டம், ஜவ்வாது மலையில் இருக்கும் ஜமுனாமரத்தூர் போன்ற ஊர்களில் ஃபால்ஸ் சீலிங் போடுவதற்கு முன், கூரையைத்தான் முதலில் பார்க்க வேண்டும். தகர ஷீட் கூரை என்றால், குளிர்ந்த இரவில் வீட்டுக்குள் இருக்கும் ஈரக்காற்று ஷீட்டின் அடிப்பக்கத்தில் பட்டு நீராக மாறும். மழையே பெய்யாவிட்டாலும் அந்த நீர் சீலிங்கின் முதுகில் சொட்டும்.

ஈரம் பட்டால்..?

ஜிப்சம் போர்டு என்பது இரண்டு காகிதத் தாள்களுக்கு நடுவே இருக்கும் ஜிப்சம். ஈரமானால் காகிதத்தில் பூஞ்சை வரும், பலகை நடுவில் தொய்யும். பி.ஓ.பி. பூச்சில் காகிதம் இல்லை. ஆனால் அதுவும் ஜிப்சம்தான்; தொடர்ந்து நனைந்தால் மாவுபோல உதிரும். மழைக்காலத்தில் பூசினால் காயவும் நாளாகும். பி.வி.சி. பேனலை ஈரம் ஒன்றும் செய்யாது. வெப்பம்தான் அதற்கு எதிரி. வெயிலில் கொதிக்கும் தகரத்தை ஒட்டிப் போட்டால் வளையும். விறகடுப்புக்கு மேலே போடவே கூடாது. தீப்பிடித்தால் நச்சுப்புகை வரும்.

செலவு எவ்வளவு?

12 அடிக்கு 10 அடி அறையை எடுத்துக்கொள்வோம். மொத்தம் 120 சதுர அடி. கூலியோடு சேர்த்து, ஜிப்சம் அல்லது பி.ஓ.பி. சதுர அடிக்கு 70 முதல் 100 ரூபாய் என்றால், 8,400 முதல் 12,000 ரூபாய் வரை ஆகும். பி.வி.சி. 100 முதல் 150 ரூபாய் என்றால், 12,000 முதல் 18,000 ரூபாய். இது தோராயக் கணக்கு. இடத்துக்கு இடம் மாறும். மலைக்கு வண்டி வாடகை தனி. 6 அடிக்கு 4 அடி ஜிப்சம் பலகை வளைவுப் பாதையில் குலுங்கினால் மூலை உடையும் என்பதால், தேவையான 5 பலகையோடு ஒன்று கூடுதலாக ஏற்றுவது நல்லது. 10 அங்குல அகலம், 10 அடி நீளமுள்ள பி.வி.சி. பேனல் 15 போதும்.

பழுது பார்ப்பது எப்படி?

ஜிப்சம் போர்டில் விளிம்போடு பழுப்பு வட்டம் தெரிந்தால் மேலே கசிவு இருக்கிறது என்று அர்த்தம். விரலால் அழுத்தும்போது அமுங்கினால் அந்தத் துண்டைச் சதுரமாக வெட்டியெடுத்து, புதுத் துண்டை ஸ்க்ரூ போட்டு, இணைப்பில் டேப் ஒட்டிப் பூசலாம். பி.ஓ.பி. விரிசலைச் சற்று அகலமாகக் கீறி, நனைத்து நிரப்ப வேண்டும். இதற்குக் கைதேர்ந்த ஆள் தேவை. பி.வி.சி. பேனல்கள் ஒன்றுக்குள் ஒன்று பொருந்தியவை. நடுவில் ஒன்று உடைந்தால், சுவர் ஓரத்திலிருந்து வரிசையாகக் கழற்றிக்கொண்டே வர வேண்டும். அதே நிறம் பிறகு கிடைக்காமல் போகலாம் என்பதால் இரண்டு பேனலை முன்பே வாங்கி வைத்துவிடுங்கள்.

எதைத் தேர்ந்தெடுப்பது?

ஒழுகாத கான்கிரீட் வீட்டின் ஹாலுக்கும் படுக்கையறைக்கும் ஜிப்சம் போர்டு போதும். தகரக் கூரைக்கும் குளியலறைக்கும் பி.வி.சி. ஏற்றது. அதிலும் கூரைக்கும் பேனலுக்கும் நடுவே காற்று போய்வர இடைவெளி விடுங்கள். வெயிலில் பேனல் நீளும் என்பதால் சுவரோரம் 5 மி.மீ. இடமும் வேண்டும். எதைப் போட்டாலும், மேலே எட்டிப் பார்க்க ஒரு சிறு திறப்பு வையுங்கள். பி.வி.சி.யில் கறை தெரியாது. கூரை ஒழுகுவதை அந்தத் திறப்பு வழியாகத்தான் கண்டுபிடிக்க முடியும்.