படைக்குப் பின்னால் நடந்த பஸார்

திப்பு சுல்தானின் போர்களை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு கேள்வி வரும்: இத்தனை பேருக்கும் சோறு போட்டது யார்?

அக்காலத்து இந்தியப் படைகளோடு போனவர்களில் சிப்பாய்களைவிட மற்றவர்களே பல மடங்கு அதிகம். குதிரைக்குப் புல்லறுப்பவர்கள், தோற்பையில் தண்ணீர் சுமக்கும் பிஸ்திகள், லாடம் அடிப்பவர்கள், காசு மாற்றுபவர்கள், சிப்பாய்களின் மனைவி மக்கள் என்று ஓர் ஊரே நடந்து போனது. சிப்பாய் பெரும்பாலும் தன் சம்பளக் காசில் பாளய பஸாரிலேயே அரிசி வாங்கித் தின்றான். அந்த பஸாருக்குத் தானியம் கொண்டு வந்தவர்கள் பஞ்சாராக்கள். குடும்பத்தோடும் பொதிமாடுகளோடும் நாடெங்கும் அலைந்த வியாபாரிகள். எங்கட மூத்தவர்கள் கண்டிக்கு உப்பும் கருவாடும் ஏற்றிப்போன தவளத்தை நினைத்துக் கொள்ளுங்கள்; அதையே ஆயிரக்கணக்கான மாடுகளாகப் பெருக்கினால் அதுதான் பஞ்சாராக்களின் ‘தாண்டா’. 1632இல் பீட்டர் மண்டி என்ற ஆங்கிலேயர் வழியில் கண்ட ஒரு தாண்டாவில் 14,000 மாடுகள் என்று எழுதி வைத்திருக்கிறார்.

கொஞ்சம் கணக்குப் போட்டால் அந்த எண்ணிக்கை மிகையாகத் தெரியாது. சிப்பாய்களும் மற்றவர்களுமாக 40,000 பேர் என்று வைப்போம். ஆளுக்கு ஒரு கிலோ தானியம் என்றால் நாளுக்கு 40,000 கிலோ. ஒரு மாடு ஏறத்தாழ 100 கிலோ சுமக்கும். ஒரு நாளைக்கே 400 மாட்டுச் சுமை, ஒரு மாதத்துக்கு 12,000! மாட்டுக்கென்று தீனி சுமக்கத் தேவையில்லை, போகிற வழியில் மேய்ந்து கொள்ளும் என்பதால்தான் இது சாத்தியமானது. வழியில் புல் இல்லாவிட்டால் எல்லாம் முடிந்தது.

திப்புவுக்கு இது நன்றாகத் தெரியும். 1791 மே மாதம் கோர்ன்வாலிஸ் பெங்களூரிலிருந்து ஸ்ரீரங்கப்பட்டணத்தை நோக்கி வந்தபோது, சுல்தானின் ஆட்கள் வழியிலிருந்த வைக்கோலையும் தானியத்தையும் அழித்தார்கள். குதிரைப்படை வெளியிலிருந்து வரும் பொதிகளை மறித்தது. மாடுகள் பட்டினியாலும் நோயாலும் செத்து விழுந்தன. அரிசி விலை ஏறிக்கொண்டே போனது. பாளயம் ஆட்டம் காண்பதை முதலில் காட்டுவது பஸார் விலைதான். அரக்கெரெயில் நடந்த சண்டையில் ஆங்கிலேயர்தான் வென்றார்கள். வென்று என்ன செய்ய? இழுக்க மாடில்லாமல் கோட்டை உடைக்கும் பெரிய பீரங்கிகளைத் தாங்களே வெடித்து நாசமாக்கிவிட்டுத் திரும்பி நடந்தார்கள்.

திரும்பும் வழியில் மராட்டியப் படை வந்து சேர்ந்தது. அதன் பின்னால் வந்த பஸாரில் தானியத்தோடு காஷ்மீர் சால்வைகூட விற்பனைக்கு இருந்தது. பசித்தவர்களிடம் வியாபாரிகள் வாய்க்கு வந்த விலை கேட்டார்கள், கொடுத்துத்தான் வாங்க வேண்டியிருந்தது.

பஞ்சாராக்களுக்கு எந்தக் கொடியும் சொந்தமில்லை; காசு தருபவனுக்குத் தானியம். நாளைக்குத் தனக்கும் தேவைப்படுவார்கள் என்று தெரிந்ததால், இரு தரப்பும் பொதுவாக அவர்களைக் கொள்ளையடிப்பதில்லை. கோர்ன்வாலிஸ் மீதி மாதங்களை அவர்களைத் தன் பக்கம் சேர்ப்பதில் செலவழித்தார். 1792 பெப்ரவரியில் அவர் மீண்டும் ஸ்ரீரங்கப்பட்டணத்தின் முன் நின்றபோது, ஆயிரக்கணக்கான தானிய மாடுகள் அவர் பின்னால் நின்றன.